பெட்டியின் மேல் பத்து இலக்கம்

கோவைப் பக்கம் பம்ப் செய்யும் ஆலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பம்பின் தண்டு சுழலும் இடத்தில் தண்ணீர் கசியாமல் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கல் சீலை அது வெளியிலிருந்து வாங்குகிறது. ஒரு நாள் காலையில் பர்ச்சேஸ் பிரிவு ஒரே சப்ளையருக்கு, ஒரே சீலுக்கு, இரண்டு ஆர்டர்கள் போடுகிறது. 4500018723 என்ற ஆர்டரில் 20 பெட்டிகள். அவை ஏற்றுமதி பம்புகளுக்கு, சோதனைச் சான்றிதழோடு வர வேண்டியவை. 4500018732 என்ற ஆர்டரில் 40 பெட்டிகள். அவை உள்ளூரில் விற்கும் விவசாய பம்புகளுக்கு. விலை வேறு, கணக்குத் தலைப்பு வேறு, ஆனால் பெட்டி ஒன்றுதான். அதே பழுப்பு அட்டை, அதே அளவு, அதே சப்ளையரின் பெயர்.

சில வாரங்களில் 60 பெட்டிகளும் ஒரே பேலட்டில், ஒரே லாரியில் வந்து இறங்குகின்றன. டிரைவர் கையில் இன்வாய்ஸ், லாரி ரசீது, ஈ-வே பில் எல்லாம் இருக்கின்றன. ஆர்டர் எண்கள் இன்வாய்ஸில் ஒழுங்காக அச்சாகியிருக்கின்றன. ஸ்டோர்ஸ்காரர் 60 எண்ணி, சரி என்று கையெழுத்துப் போட்டு விடுகிறார். அந்த 60-இல் எந்த 20 பெட்டி ஏற்றுமதிக்கானது என்று யாராவது கேட்டால்தான் சிக்கல் தெரியும். இன்வாய்ஸ் அதைச் சொல்லாது. அது சரக்கு முழுவதையும் பற்றிப் பேசும் காகிதம். தனிப் பெட்டி எதையும் அது சுட்டிக் காட்டுவதில்லை.

போதாததற்கு, காகிதமும் பெட்டியும் வெகு நேரம் சேர்ந்து இருப்பதில்லை. இறக்கி முடித்த சிறிது நேரத்தில் இன்வாய்ஸ் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போய்விடும். பெட்டியோ முதலில் தரப் பரிசோதனைக்கு, பிறகு ரேக்குக்கு, பிறகு அசெம்பிளி வரிசைக்கு என்று வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில், தனியாகப் பயணம் செய்கிறது. அந்த நாட்களில் பெட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவானாலும், அது பெட்டியின் மேலேயே இருந்தாக வேண்டும்.

அதனால்தான் வாங்குபவர்கள் சப்ளையரிடம் ஒன்றைக் கேட்கிறார்கள்: ஒவ்வொரு வெளிப்பெட்டியிலும், பேலட் லேபிளிலும் எங்கள் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணை அச்சிட்டு அனுப்புங்கள். யோசனை புதிதல்ல. ஏற்றுமதிப் பெட்டிகளின் மேல் என்ன எழுதலாம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் வர்த்தக வசதிப் பிரிவு தந்த 15-ஆம் பரிந்துரையில் நான்கே விஷயங்கள்தான் இருக்கின்றன: பெறுபவரின் சுருக்கப் பெயர், ஒரு குறிப்பு எண், சேருமிடம், பெட்டியின் வரிசை எண். இரண்டாவதாக வரும் குறிப்பு எண்ணின் இடத்தில்தான் ஆர்டர் எண் உட்காருகிறது.

பத்து இலக்கத்தை அச்சிடுவதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். எனக்கு இதில் வியப்பே, இவ்வளவு எளிய வேண்டுகோள் எத்தனை விதமாகப் பிசகக்கூடும் என்பதுதான்.

முதலில் எண்ணையே பார்ப்போம். 4500018723, 4500018732. கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். மனிதர்கள் எண்களைப் பார்த்து எழுதும்போது எப்படியெல்லாம் தவறுகிறார்கள் என்பதை யாகோபுஸ் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர் ஆராய்ந்து 1969-இல் வெளியிட்டார். அவர் கண்ட தவறுகளில் சுமார் 79 சதவீதம், ஏதோ ஒரு இலக்கம் மட்டும் மாறிப்போனவை. அடுத்தபடியாக, சுமார் 10 சதவீதம், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியவை. இந்த இரண்டு வகையையும் முழுவதுமாகப் பிடிக்கும் சோதனை இலக்கம் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். நம் ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம் அவருடைய முறையில் கணக்கிட்டு வைத்ததுதான். ஆதாரில் ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டினால் அது ஆதார் எண்ணே இல்லை என்று கணினி உடனே சொல்லிவிடுவது அதனால்தான்.

பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணுக்கு அந்தக் காவல் பொதுவாகக் கிடையாது. எஸ்.ஏ.பி. போன்ற மென்பொருள்கள் ஆர்டர் எண்ணை வரிசையாக ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகின்றன. 45-இல் தொடங்கும் பத்து இலக்க எண் என்றால் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். வரிசை எண் என்பதால் இதுவரை போட்ட எண்கள் அத்தனையும் உண்மையான ஆர்டர்கள். ஒரு இலக்கம் பிசகினால், கடிதம் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதுபோல, சரக்கு வேறொரு உண்மையான ஆர்டரின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். பிழை என்று யாரும் கத்த மாட்டார்கள். நம் எடுத்துக்காட்டில் பக்கத்து ஆர்டரும் அதே சப்ளையருடையது, அதே பொருள். கணினிக்குச் சந்தேகம் வரக் காரணமே இல்லை.

ஆகவே பெட்டியில் மார்க்கர் பேனாவால் எண்ணை எழுதி அனுப்பினால் பாதி வேலைதான் ஆகிறது. சப்ளையரின் பேக்கிங் ஆள் பார்த்து எழுதும்போது ஒரு முறையும், நம் ஸ்டோர்ஸ்காரர் பார்த்துத் தட்டும்போது ஒரு முறையும் தவறு நுழைய வழியிருக்கிறது. ஆர்டரில் இருந்து எண் நேராக லேபிள் மென்பொருளுக்குப் போய், அச்சாகி, இங்கே ஸ்கேனரால் படிக்கப்பட்டால் அந்த இரண்டு வாசல்களும் அடைபடும். அச்சிடுங்கள் என்று கேட்பதன் காரணம் அழகு அல்ல.

இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது கோட் 128 என்ற பார்கோடு. 1981-இல் வந்தது. அதன் ஒவ்வொரு எழுத்தும் 11 சம அகலத் துண்டுகளால் ஆனது. துண்டுகள் கருப்பும் வெள்ளையுமாகச் சேர்ந்து மூன்று கோடுகளும் மூன்று இடைவெளிகளும் ஆகின்றன. இலக்கங்கள் மட்டும் வந்தால் இது ஒரு சிக்கனம் செய்கிறது: இரண்டு இலக்கங்களை ஒரே எழுத்தின் இடத்தில் அடைத்துவிடும். ஆங்கில எழுத்தோ சாய்கோடோ வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும். இந்தச் சிறு விஷயம் லேபிளில் பெரிதாகத் தெரியும்.

சரக்குப் போக்குவரத்துக்கான லேபிள்களுக்கு விதி வகுக்கும் ஜி.எஸ்.1 அமைப்பு, பார்கோடில் ஆர்டர் எண்ணுக்கு முன் 400 என்ற அடையாளத்தைப் போடச் சொல்கிறது. 400 வந்தால் தொடர்வது வாங்குபவரின் ஆர்டர் எண் என்று உலகில் எந்த ஸ்கேனருக்கும் தெரியும். நம் ஆர்டர் எண்ணை அப்படி எழுதினால் மொத்தம் 134 துண்டுகள் வருகின்றன. பேலட், பெட்டி லேபிள்களில் ஒரு துண்டின் அகலம் குறைந்தது 0.495 மி.மீ. இருக்க வேண்டும். பெருக்கினால் சுமார் 66 மி.மீ. இரு பக்கமும் விட வேண்டிய வெற்றிடத்தைச் சேர்த்தால் 76 மி.மீ. 105 மி.மீ. அகலமுள்ள ஏ6 லேபிளில் தாராளமாக அடங்கும்.

இப்போது நம் ஊரில் பலர் விரும்பும் பாணியில் ஓர் ஆர்டர் எண்ணை எடுங்கள்: `PO/CBE/24-25/18732`. பார்ப்பதற்கு விவரமாக இருக்கிறது. ஊர் தெரிகிறது, நிதியாண்டு தெரிகிறது. ஆனால் பார்கோடாக்கினால் வெற்றிடத்தோடு 140 மி.மீ.-ஐத் தாண்டிவிடும். ஏ6 லேபிளின் அகலத்தில் அடங்காது. சப்ளையர் என்ன செய்வார்? மென்பொருளில் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்கோடைச் சுருக்குவார். துண்டின் அகலம் 0.3 மி.மீ.-க்கு வந்துவிடும். அவருடைய மேசையில், கையடக்க ஸ்கேனரை ஒட்டிப் பிடித்தால் படிக்கும். நம் குடோனில், ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடி எட்டத்திலிருந்து படிக்காது. பழி சப்ளையர் மேல் விழும். வேர் நம் எண்ணில் இருக்கிறது.

இன்னொரு பிசகு கொஞ்சம் நுட்பமானது. ஆர்டர் எண் எத்தனை இலக்கம் என்று 400 சொல்வதில்லை. 30 எழுத்து வரை எதுவும் வரலாம். அதற்குப் பின்னால் அதே பார்கோடில் வேறு தகவல் தொடர்ந்தால், இங்கே ஆர்டர் எண் முடிகிறது என்று காட்டும் பிரிப்பான் ஒன்று இடையில் இருக்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது, கோடுகளில் மட்டும் இருக்கும். சப்ளையரின் மென்பொருள் அதைப் போட மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 37 என்ற அடையாளம் எண்ணிக்கையைக் குறிப்பது; உள்ளே 24 சீல் இருக்கிறது என்று சொல்ல நினைத்தார்கள்.

```
நினைத்தது:   (400)4500018732 (37)24
படித்தது:     (400)45000187323724
```

ஆர்டர் எண்ணின் வாலில் நான்கு இலக்கம் ஒட்டிக்கொண்டது. இப்படி ஒரு ஆர்டரே இல்லை என்று கணினி மறுக்கும். ஸ்டோர்ஸ்காரர் லேபிளைப் பார்ப்பார். கோடுகளுக்குக் கீழே எழுத்தில் எண் சரியாகவே இருக்கும். தலையைச் சொறிய வேண்டியதுதான். ஸ்கேனரில் வரும் ஆர்டர் எண் நீளமாகவும், அதன் முடிவு 37-உம் எண்ணிக்கையுமாகவும் இருந்தால் பிரிப்பான் விடுபட்டிருக்கிறது என்று அறியலாம். ஆர்டர் எண்ணைக் கடைசியில் வைத்தால் அதன் பின்னே ஒட்ட ஒன்றும் இருக்காது, ஆனால் அப்போது எண்ணிக்கை முன்னால் வரும். அதற்கும் பிரிப்பான் வேண்டும். ஆர்டர் எண்ணுக்கென்று தனி பார்கோடு ஒன்று கேட்டுவிடுவதே எளிது. மேலே காட்டிய அடைப்புக்குறிகளும் மனிதக் கண்ணுக்காக மட்டுமே. சில மென்பொருள்கள் அவற்றையும் கோடுகளுக்குள் எழுதிவிடும். அப்போது 400-க்கு முன்னால் ஓர் அடைப்புக்குறியும் சேர்ந்து திரையில் வந்து நிற்கும்.

எண் சரி, பார்கோடு சரி. இனி வருவதுதான் பலர் தவறவிடும் இடம்: ஆர்டர் எண் பெட்டியின் பெயர் ஆகாது. யார் கேட்டதால் இந்தப் பெட்டி வந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. 40 பெட்டிகளிலும் 4500018732 என்றே இருக்கும். ஸ்கேன் செய்பவர் ஒரே பெட்டியை இரண்டு முறை படித்துவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டால் கணினியில் 40 என்றே வரும், யாருக்கும் தெரியாது. பெட்டிக்குத் தனியாக ஒரு எண் வேண்டும்.

இதற்கென்று ஜி.எஸ்.1 வைத்திருப்பது 18 இலக்க எண். முன்னால் 00 என்ற அடையாளத்தோடு வரும். ஒரு பேலட்டுக்கோ பெட்டிக்கோ ஒருமுறை கொடுத்த எண்ணைக் குறைந்தது ஓர் ஆண்டு வரை வேறெதற்கும் கொடுக்கக் கூடாது. அதன் நடுவில் சப்ளையரின் நிறுவன எண் இருக்கிறது. இந்தியாவில் பதிவு செய்தவர்களுக்கு 890 என்று தொடங்கும். எடுத்துக்காட்டுக்காக ஒன்றை நாமே இட்டுக்கட்டுவோம்: 0 8901234 000004217. இவை 17 இலக்கங்கள். 18-ஆவதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தால் 0, 9, 1, 3, 0, 0, 0, 2, 7; கூட்டுத்தொகை 22, அதை மூன்றால் பெருக்க 66. மிச்சமுள்ளவை 8, 0, 2, 4, 0, 0, 4, 1, கூட்டுத்தொகை 19. இரண்டும் சேர்ந்து 85. அடுத்த பத்தின் மடங்கான 90-ஐ எட்ட 5 வேண்டும். அந்த 5-தான் கடைசி இலக்கம்.

```
(00)089012340000042175
```

லேபிள் கிழிந்து, எண்ணைக் கையால் தட்ட நேர்ந்தால் இந்த 5 காப்பாற்றும். கடைசிப் பக்கத்து 21-ஐ 12 என்று மாற்றித் தட்டினால் கூட்டுத்தொகை 83 ஆகும், கடைசி இலக்கம் 7 ஆக வேண்டும், 5 இருக்கிறது, பிடிபட்டது. ஆனால் வெர்ஹூஃபின் முறையைப்போல இது முழுக் காவல் அல்ல. ஐந்து வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்கள், 2-உம் 7-உம் போல, இடம் மாறினால் இந்தக் கணக்குக்குத் தெரியவே தெரியாது. எளிய கூட்டல் கணக்குக்குக் கொடுக்கும் விலை அது.

எல்லாச் சப்ளையரும் ஜி.எஸ்.1 உறுப்பினர் இல்லை. பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறையிடம் 18 இலக்கம் கேட்டால் அவர் போனையே எடுக்க மாட்டார். அவரிடம் நான் கேட்பதானால் ஆர்டர் எண்ணோடு பெட்டியின் வரிசையை மட்டும் கேட்பேன்: 4500018723, பெட்டி 14/20. இரண்டும் சேர்ந்தால் நம் ஆலையில் ஒரே பெட்டிதான். ஒரே நிபந்தனை, ஆர்டர் இரண்டு லாரியாகப் பிரிந்து வந்தால் வரிசை எண் தொடர வேண்டும். முதல் லாரியில் 1 முதல் 12 வரை வந்திருந்தால் அடுத்தது 13-இல் தொடங்க வேண்டும். பேக்கிங் ஆட்கள் ஒவ்வொரு லாரிக்கும் 1-இலிருந்து ஆரம்பிப்பது வழக்கம்; சொல்லாவிட்டால் அப்படியே செய்வார்கள். பிறகு ஒரே ஆர்டருக்கு இரண்டு "3/20" இருக்கும்.

நம் பேலட்டுக்குத் திரும்புவோம். 1200 மி.மீ. நீளம், 1000 மி.மீ. அகலம் உள்ள பேலட். பெட்டியின் அடிப்பாகம் 400 மி.மீ. நீளம், 250 மி.மீ. அகலம். நீள வாக்கில் மூன்று, அகல வாக்கில் நான்கு, ஆக ஓர் அடுக்கில் 12. ஐந்து அடுக்கில் 60, கச்சிதம். சப்ளையர் இரண்டு ஆர்டர்களையும் ஒரே பேலட்டில் வைத்ததன் காரணமும் இதுதான். முதல் மூன்று அடுக்குகளில் 36 பெட்டிகள் விவசாய ஆர்டருடையவை. மிச்சம் நான்கு நாலாவது அடுக்குக்கு ஏறுகின்றன. அவற்றோடு ஏற்றுமதி ஆர்டரின் எட்டு. மேலே ஐந்தாவது அடுக்கு முழுவதும் ஏற்றுமதி. நாலாவது அடுக்கு கலப்பு.

ஓர் அடுக்கின் 12 பெட்டிகளில் நடுவே இரண்டு எந்தப் பக்கத்திலிருந்தும் தெரியாது. மீதி பத்தும் ஏதாவது ஒரு பக்கத்தில் முகம் காட்டும். ஆனால் எந்த முகம்? லேபிள் பெட்டியின் நீளப் பக்கத்தில் மட்டும் இருந்தால், முன் வரிசை மூன்றும், திருப்பி வைத்தால் பின் வரிசை மூன்றும் தெரியும். இடையில் ஓரங்களில் நிற்கும் நான்கும் தங்கள் அகலப் பக்கத்தைத்தான் வெளியே காட்டுகின்றன. அவற்றின் லேபிள் பக்கத்துப் பெட்டியின் முதுகில் முட்டிக்கொண்டிருக்கும். எப்படித் திருப்பி வைத்தாலும் ஆறுக்கு மேல் தெரியாது. லேபிளை அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில், ஒரு நீளப் பக்கத்திலும் ஒரு அகலப் பக்கத்திலும், போடச் சொன்னால் பத்தும் தெரியும்படி அடுக்க முடியும். முன் வரிசையும் வலது ஓரமும் ஒரு திசையில், பின் வரிசையும் இடது ஓரமும் அதற்கு நேர் எதிரே. இரண்டாவது லேபிளின் விலை சில பைசாக்கள். பேலட்டைப் பிரிக்காமலே அடுக்குக்குப் பத்துப் பெட்டிகளைச் சரிபார்க்க முடிகிறது.

பேலட் லேபிள் தனி. தரையிலிருந்து 400 மி.மீ.-க்கும் 800 மி.மீ.-க்கும் இடையில் பார்கோடு இருக்க வேண்டும், பக்கவாட்டு விளிம்பிலிருந்து 50 மி.மீ.-ஆவது தள்ளி இருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.1 சொல்லும் இடம். சுற்றும் பிளாஸ்டிக் படலத்துக்கு உள்ளே ஒட்டினால் சுருக்கங்களும் மினுமினுப்பும் ஸ்கேனரைக் குழப்பும். படலத்துக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். நம் பேலட்டில் இரண்டு ஆர்டர்கள் இருப்பதால் இங்கே ஒரு முடிச்சு. ஒரே லேபிளில் 400 என்ற அடையாளம் இரண்டு வெவ்வேறு எண்களோடு வரக் கூடாது. ஆகவே கலப்பு பேலட்டின் பார்கோடில் 18 இலக்க எண்ணை மட்டும் வைத்து, இரண்டு ஆர்டர் எண்களையும் பெரிய எழுத்தில் வாசகமாக எழுத வேண்டும், "கலப்பு" என்ற சொல்லோடு. அதைவிட நல்ல வேண்டுகோள், ஆர்டருக்கு ஒரு பேலட் என்பது. லாரியில் இடம் வீணாகும் என்று சப்ளையர் சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. குறைந்தபட்சம் ஓர் அடுக்கில் ஓர் ஆர்டர் என்று ஒத்துக்கொண்டு, இடையில் ஓர் அட்டைத் தாள் வைக்கச் சொல்லலாம். ஆனால் நம் பேலட்டில் நாலாவது அடுக்கை நாலு பெட்டியோடு நிறுத்தி அட்டையை வைத்தால் மேலே இருப்பவை சரியும். அதனால் இந்த எண்ணிக்கைக்கு அந்த யோசனையும் எடுபடாது. இரண்டு பேலட்தான் வழி, அல்லது கலப்பு லேபிள்தான்.

எழுத்தின் உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேண்டுகோள் கடிதங்களில் இது விடுபட்டுப் போகிறது. கண் மருத்துவர் 6/6 பார்வை என்று சொல்வது, கண்ணில் ஐந்து நிமிடக் கோணம் விரிக்கும் எழுத்தைப் படிப்பதை. ஒரு பாகையில் 60 நிமிடங்கள். 6 மீட்டர் தூரத்தில் அது சுமார் 8.7 மி.மீ. உயரம், 3 மீட்டரில் 4.4 மி.மீ. இது நல்ல வெளிச்சத்தில், நல்ல கண்ணுக்கு, முக்கிப் பார்த்தால் தெரியும் எல்லை. மங்கலான குடோனில், பழுப்பு அட்டையில், 45 வயதுக் கண்ணுக்கு, அதைப்போல சுமார் ஐந்து மடங்கு வேண்டும் என்பது என் கணிப்பு. ஆக 3 மீட்டரிலிருந்து படிக்க வேண்டிய ஆர்டர் எண்ணை 20 மி.மீ. உயரத்தில் கேளுங்கள். முழு எண்ணும் அந்த உயரத்தில் அடங்காவிட்டால் கடைசி நான்கு இலக்கத்தையாவது பெரிதாகப் போடச் சொல்லலாம். 8723, 8732 என்று பெரிதாக எழுதி அருகருகே வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும்.

அச்சிடும் முறையில் ஒன்றே ஒன்று. பெட்டி தயாராகும்போதே அட்டையில் நேரடியாக அச்சடிக்கும் முறை ஆர்டர் எண்ணுக்கு ஒத்துவராது. அதற்கு அச்சுத்தகடு செய்ய வேண்டும். எண்ணோ ஒவ்வொரு முறையும் மாறும். ஸ்டிக்கர்தான். அதிலும் ரிப்பன் இல்லாமல் சூட்டினால் கருக்கும் வகைத் தாள், பில் கவுண்டரில் தரும் ரசீதைப் போன்றது, வெயிலில் நிற்கும் லாரியின் தார்ப்பாய்க்கடியில் மங்கும், கருத்தும் போகும். ரிப்பன் மையை மாற்றிப் பதிக்கும் பிரிண்டரில் அடிக்கச் சொல்ல வேண்டும். பார்கோடு சிவப்பு மையில் இருக்கவே கூடாது. ஸ்கேனரின் ஒளி சிவப்பு. அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான்.

இத்தனையும் தெரிந்த பிறகு கடிதம் சின்னதாகவே எழுதலாம். பர்ச்சேஸ் பிரிவிலிருந்து சப்ளையருக்கு இப்படி:

"அன்புள்ள ஐயா, இனி வரும் எங்கள் ஆர்டர்களுக்கு ஒவ்வொரு வெளிப்பெட்டியிலும் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் லேபிள் ஒட்டி அனுப்ப வேண்டுகிறோம். லேபிளில் எங்கள் ஆர்டர் எண் 20 மி.மீ. உயரத்தில் வாசகமாகவும், தனி பார்கோடாகவும் இருக்க வேண்டும். ஆர்டரில் பொருளின் வரி எண், பொருள் குறியீடு, எண்ணிக்கை, பெட்டி எண் ஆகியவையும் தேவை. ஓர் ஆர்டர் பல தவணையாக வந்தால் பெட்டி எண் தொடரட்டும். ஒரு பெட்டிக்குள் இரண்டு ஆர்டர் சரக்கு வேண்டாம். பேலட்டில் இரண்டு ஆர்டர் சேர்ந்தால் லேபிளில் கலப்பு என்று குறித்து இரண்டு எண்ணையும் போடவும். அச்சிடும் முன் ஒரு மாதிரி லேபிளை எங்களுக்கு அனுப்பினால் ஸ்கேன் செய்து பார்த்து ஒப்புதல் தருகிறோம். ஆர்டர் எண் பொருந்தினால் சரக்கு வரவுப் பதிவு அன்றே முடியும். உங்கள் பில்லும் தாமதமின்றி நகரும்."

கடைசி வாக்கியம் உபசாரம் இல்லை. ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால்தான் அக்கவுண்ட்ஸ் பணம் விடும். சிறு நிறுவனங்களுக்கு, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எந்த ஆர்டரின் பெட்டி என்று தெரியாமல் சரக்கு ஒரு மூலையில் கிடந்தால், அந்த நாட்கள் இருவருக்குமே வம்பு. இதைச் சொன்னால்தான் சப்ளையர் லேபிள் செலவை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்வார்.

ஆர்டர் எண் மட்டும் போதாத இடமும் உண்டு. சில ஆலைகள் ஆண்டு முழுவதற்கும் ஒரே ஆர்டர் போட்டு, மாதாமாதம் இவ்வளவு அனுப்பு என்று அட்டவணை தருகின்றன. அங்கே ஆர்டர் எண் ஏப்ரல் முதல் மார்ச் வரை மாறவே மாறாது. பெட்டியில் அது மட்டும் இருந்தால் எந்த மாதத்து அட்டவணைக்கு வந்த சரக்கு என்று ஒன்றும் தெரியாது. அட்டவணை எண்ணும் வேண்டும். அதற்கு நேர் எதிர்ப் பிசகு மாறும் எண்களில் வருகிறது. பேக்கிங் ஆள் போன முறை சேமித்த லேபிள் கோப்பைத் திறந்து, எண்ணிக்கையை மட்டும் திருத்தி, பழைய ஆர்டர் எண்ணோடு அடித்துவிடுவார். முடிந்துபோன ஆர்டருக்குச் சரக்கு மிகையாக வந்திருக்கிறது என்று ஸ்கேன் செய்தவுடன் கணினி சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.

நம் பேலட் இப்போது லேபிளோடு வந்து நிற்கிறது. ஸ்டோர்ஸ்காரர் சுற்றி வந்து ஸ்கேன் செய்கிறார், மேல் அடுக்குகளை இறக்கி உள்ளே இருப்பவற்றையும் படிக்கிறார். 4500018732-இல் 1 முதல் 40 வரை எல்லாம் வந்தன. 4500018723-இல் 19 தான். திரையில் விடுபட்ட எண்ணும் வருகிறது: 14/20. மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, விவசாய ஆர்டரில் கலந்துவிட்டதோ என்ற சந்தேகமும் இல்லை. டிரைவர் இன்னும் வாசலில் இருக்கிறார். ஸ்டோர்ஸ்காரர் லாரி ரசீதின் மேல் "ஆர்டர் 4500018723, பெட்டி எண் 14 வரவில்லை" என்று எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் படத்தைச் சப்ளையருக்கு அனுப்புகிறார்.